கல்யாண பிளவுஸ் ஆர்டர்: எத்தனை எடுப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது

ஆரி வேலை கற்றுக்கொண்டு வீட்டிலேயே தொழில் தொடங்கும் பெண்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஆர்டர் வருமா என்பதே கவலையாக இருக்கும். மூன்றாம் ஆண்டில் அந்தக் கவலை வேறாகிவிடுகிறது. ஆடி பிறந்ததும் ஆவணி முகூர்த்தங்களுக்காகவும், மார்கழி பிறந்ததும் தை முகூர்த்தங்களுக்காகவும் ஐந்தாறு குடும்பங்கள் ஒரே சமயத்தில் பட்டுத் துணியோடு வந்து நிற்கும்போது, எத்தனை பேருக்குச் சரி என்று சொல்வது, மீதிப் பேரை என்ன சொல்லி அனுப்புவது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். என்னிடம் பழகிய பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வியும் இதுதான். இதற்கு நடைமுறையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று இங்கே எழுதுகிறேன். கூடவே ஓர் உதவியாளரை மட்டும் வைத்துக்கொண்டு, ஃப்ரேம் வேலையைத் தானே செய்யும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதியது இது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவதும் மிகப் பெரியதுமான அளவுகோல், சொன்ன தேதிக்குள் முடிப்பது. சாதாரண பிளவுஸ் இரண்டு நாள் தாமதமானால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், முகூர்த்த பிளவுஸுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு சராசரியாக நன்றாக நடக்கிறதா என்பதைவிட, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் அது தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எந்த வேலையில் நெருக்கடி விழுகிறது என்பது. அளவெடுப்பது, துணியில் பிளவுஸின் வடிவத்தை வரைவது, டிசைனை ட்ரேசிங் பேப்பரில் துளையிட்டுத் துணியில் அச்சு எடுப்பது, ஃப்ரேமில் இழுத்துக் கட்டுவது, ஆரி ஊசியால் வேலை செய்வது, அதன் பிறகு வெட்டி லைனிங் வைத்துத் தைப்பது, ட்ரயல் பார்ப்பது, கொக்கி கட்டுவது என்று ஒரு கல்யாண பிளவுஸுக்குப் பல கட்டங்கள் உண்டு. தையலுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். அதையும் உதவியாளரிடம் கொடுத்துவிடலாம். ஃப்ரேமில் செல்லும் நேரம் மட்டும் எட்டு மணியிலிருந்து நாற்பது மணி வரை போகும். ஆகவே நம்முடைய கொள்ளளவு என்பது ஃப்ரேம் மணிதான். தையல் மெஷின் இன்னொன்று வாங்கினால் கூடுதல் ஆர்டர் எடுக்கலாம் என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, வாடிக்கையாளருக்கு வேறு இடம் தேட அவகாசம் இருக்கிறதா என்பது. இதைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதே இல்லை. நாம் முடியாது என்று சொல்வது அவர்களுக்கு நட்டமாகாது. முடியாது என்பதைத் தாமதமாகச் சொல்வதுதான் நட்டம். நான்காவதாக வருமானம் சீராக வருகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முதல் மூன்றும் சரியாக அமைந்தால் அது பெரும்பாலும் தானே அமைந்துவிடுகிறது.

## வழி ஒன்று: வந்ததையெல்லாம் எடுத்துக்கொள்வது

இதைத் திட்டமிட்டு யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வாசல் வரை வந்த வேலையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற எண்ணத்தில் தானாகவே இந்த வழிக்கு வந்துவிடுகிறோம். முன்பணம் நிறையச் சேர்கிறது, யாரிடமும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை, வேலை இல்லாத நாளே இல்லை என்பவை இதன் நன்மைகள்.

இதன் மறைமுகச் செலவு, கையில் இருக்கும் வேலை கூடக் கூட ஒவ்வொரு வேலையும் முடிய ஆகும் காலம் நீண்டுகொண்டே போவது. வாரத்துக்கு 22 மணி ஃப்ரேம் வேலை செய்பவர் 132 மணி வேலையை ஒப்புக்கொண்டிருந்தால், புதிதாக வருபவரின் துணி ஃப்ரேமில் ஏறவே ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் ‘எதுவரை ஆயிற்று?’ என்ற தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். அவர்களைச் சமாதானப்படுத்த இந்தத் துணியில் கொஞ்சம், அந்தத் துணியில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வேலை செய்யத் தொடங்குவோம். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய நூலையும் மணியையும் எடுத்துவைத்துவிட்டுப் புதியவற்றைப் பரப்ப வேண்டும். விட்ட இடத்தில் கை இழுத்த அளவு மறந்துபோய், மறுநாள் போடும் சங்கிலித் தையல் இறுக்கமாகவோ தளர்வாகவோ விழும். அச்சு எடுத்துவிட்டு நாள் கணக்கில் மடித்துவைத்த துணியில் கோடு தேய்ந்து அழிந்துவிடுவதும் உண்டு.

என் நான்காம் ஆண்டில் ஆவணியின் ஒரே முகூர்த்த நாளுக்கு மூன்று மணப்பெண்களின் வேலையை ஒப்புக்கொண்டேன். மூன்றாவது பிளவுஸை முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு மண்டபத்துக்கே கொண்டுபோய், மணமகள் அறையில் தரையில் உட்கார்ந்து கொக்கி கட்டினேன். இடது கையில் வலது கையைவிட இரண்டு வரிசைப் புட்டா குறைவாக இருந்தது. அந்தப் பெண்ணின் தாயார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மிச்சப் பணத்தை முழுமையாகக் கொடுத்தார். அந்தக் குடும்பம் அதன் பிறகு என்னிடம் வரவில்லை. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மிஞ்சிய வேலையை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கழுத்தையும் கையையும் சுற்றி ஒரு பார்டர் மட்டும் வரும் எளிய வேலைக்கு அது நல்ல வழியே. மணப்பெண்ணின் முகூர்த்த பிளவுஸுக்கு மட்டும் நான் அதை ஏற்கமாட்டேன். ஒருவர் கைவாகு மற்றவருக்கு வராது. ஒரே பிளவுஸில் இரு கை வேலை கலந்தால் வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

தொழில் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு வேலைக்கு எத்தனை மணி ஆகும் என்பதே தெரியாத நிலையில், கல்யாண ஆர்டர் எதுவும் இல்லாமல் சிறு வேலைகள் மட்டும் வரும்போது இந்த வழி தவறில்லை. அந்தக் காலத்தில் கிடைக்கும் பழக்கமும் மணிக் குறிப்பும் பின்னால் உதவும்.

## வழி இரண்டு: ஆள் கணக்கில் வரம்பு வைப்பது

ஒரு சமயத்தில் நான்கு குடும்பம், அதற்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வது இது. சொல்லவும் நினைவில் வைக்கவும் எளிது. கேட்பவரும் உடனே புரிந்துகொள்வார்; ‘நாலு கல்யாணம் கையில் இருக்கிறது’ என்றால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

குறை என்னவென்றால், குடும்பத்துக்குக் குடும்பம் வேலை ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வீட்டில் முகூர்த்த பிளவுஸ் ஒன்று மட்டும் தருவார்கள். இன்னொரு வீட்டில் முகூர்த்தம், நிச்சயதார்த்தம், வரவேற்பு என்று மணப்பெண்ணுக்கு மூன்று, பெண்ணின் அம்மாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று ஐந்து துணி வரும். இரண்டையும் ‘ஒன்று’ என்று எண்ணினால் ஒரு பருவத்தில் கை சும்மா இருக்கும், அடுத்த பருவத்தில் தூக்கம் இருக்காது. அதோடு, ஒப்புக்கொண்ட குடும்பம் பிறகு துணிகளைக் கூட்டிக்கொண்டே போவதை இந்த வரம்பு தடுப்பதில்லை. ‘அக்கா, மாமியாருக்கும் ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள்’ என்று மூன்றாவது வாரத்தில் வரும் வேண்டுகோளில் ஆள் எண்ணிக்கை மாறவில்லை, மணி மட்டும் எட்டு கூடிவிடுகிறது.

ஆயினும் வருகிற வேலை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் ஆள் கணக்கே போதும். கல்யாண வேலை எடுக்காமல் கழுத்து, கை பார்டர் மட்டும் செய்பவருக்கு மணிக் கணக்கு வீண் சுமை. வாரம் இரண்டு துணி என்று எழுதி ஒட்டிவைத்தால் முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மணப்பெண்ணின் வேலையை மட்டும் எடுத்து முடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேலை மிக அழகாக வரும். ஆனால் கேட்ட நூல் கிடைக்காமலோ, டிசைன் முடிவாகாமலோ அந்த ஒன்று நின்றுவிட்டால் ஃப்ரேம் காலியாகக் கிடக்கும். மாற்றுக்கு இன்னொரு துணியாவது கையில் இருக்க வேண்டும்.

## வழி மூன்று: மணிக் கணக்கில் வரம்பு வைப்பது

நான் இப்போது கடைப்பிடிப்பது இது. இதற்கு இரண்டு எண்கள் தெரிய வேண்டும்: வாரத்தில் உண்மையில் எத்தனை மணி ஃப்ரேமில் உட்காருகிறோம், இந்த டிசைனுக்கு எத்தனை மணி ஆகும்.

முதல் எண்ணை மனக்கணக்காகச் சொன்னால் எப்போதும் கூடுதலாகவே வரும். நாளைக்கு ஆறு மணி, வாரம் ஆறு நாள், ஆக 36 மணி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான்கு வாரம் நாட்காட்டித் தாளில் உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்துப் பார்த்தபோது சராசரி 27 மணிதான் வந்தது. நூல் நிறம் பொருத்தக் கடைக்குப் போவது, அளவு கொடுக்க வருபவரிடம் பேசுவது, ட்ரயல் பார்ப்பது எல்லாம் மீதியை எடுத்துக்கொள்கின்றன. அந்த 27-இலும் முழுவதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பிரித்துப் போட வேண்டிய தையலுக்கும், உடல்நலக் குறைவுக்கும், வீட்டு விசேஷத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து, 22 மணியை மட்டுமே வாக்குக் கொடுக்கிறேன். ஒதுக்கிய நேரம் செலவாகாத வாரங்களில் சிறு பார்டர் வேலை ஒன்றை முடித்துவிடலாம். அதனால் அது வீணாவதில்லை.

இரண்டாம் எண்ணைக் கணக்கிட, ஓர் அங்குல பார்டருக்கு எத்தனை நிமிடம், ஒரு புட்டாவுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு மாதிரித் துணியில் போட்டுப் பார்த்தால் போதும். இரண்டு கைக்கும் தலா 12 அங்குலம், பின்கழுத்துக்கு 22, முன்கழுத்துக்கு 14 என்றால் பார்டர் மொத்தம் 60 அங்குலம். அங்குலத்துக்கு 12 நிமிடம் என்றால் அது 12 மணி. கையில் 80 புட்டா, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் என்றால் ஏறக்குறைய 13 மணி. அச்சு எடுத்து ஃப்ரேம் கட்ட 3 மணி. ஆக 28 மணி. ஜர்தோசி நிறைய வரும் டிசைனுக்கு அங்குல நிமிடம் கூடும். அதற்குத் தனியாக ஒரு மாதிரி போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியிலும் செலவு உண்டு. ஒவ்வொரு டிசைனையும் பேசி முடித்த பிறகுதான் ‘முடியும்’ என்று சொல்ல முடியும் என்பதால், வந்தவுடன் பதில் எதிர்பார்ப்பவர்களில் சிலர் வேறிடம் போய்விடுவார்கள். குறிப்பேட்டை வாரந்தோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாரம் விட்டுவிட்டால் அதிலுள்ள எண்கள் பொய்யாகிவிடும், பொய்யான குறிப்பேட்டை நம்பி நடப்பது குறிப்பேடே இல்லாததைவிடக் கேடு.

### ஓர் ஆவணிப் பருவத்தின் கணக்கு

ஆடி முதல் வாரத்தில் நான்கு குடும்பங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். நான் குறிக்கும் கெடு, திருமண நாள் அல்ல. அதற்குப் பத்து நாள் முன்னதாக ஃப்ரேம் வேலை முடிய வேண்டிய நாள். தையலும் ட்ரயலும் அந்தப் பத்து நாளில் நடக்கும்.

முதல் குடும்பத்துக்கு முகூர்த்த பிளவுஸ் 36 மணி, வரவேற்பு பிளவுஸ் 24 மணி, அம்மாவுக்கும் தங்கைக்கும் தலா 8 மணி, ஆக 76 மணி. ஐந்தாம் வாரக் கடைசிக்குள் வேண்டும். இரண்டாம் குடும்பத்துக்கு முகூர்த்த பிளவுஸ் மட்டும், 30 மணி, நான்காம் வாரம். மூன்றாம் குடும்பத்துக்கு எளிய வேலை இரண்டு, 16 மணி, மூன்றாம் வாரம். நான்காம் குடும்பத்துக்கு முகூர்த்த பிளவுஸ், 34 மணி, ஆறாம் வாரம். கெடு வாரியாகக் கூட்டிக்கொண்டே வந்தால் இப்படி வருகிறது:

| வாரக் கடைசி | அதற்குள் முடிய வேண்டிய மணி | வாரம் 22 மணி வீதம் கிடைப்பது | ஒதுக்கீடு இல்லாமல் 27 மணி வீதம் கிடைப்பது |
|---|---|---|---|
| மூன்றாம் வாரம் | 16 | 66 | 81 |
| நான்காம் வாரம் | 46 | 88 | 108 |
| ஐந்தாம் வாரம் | 122 | 110 | 135 |
| ஆறாம் வாரம் | 156 | 132 | 162 |

ஆள் கணக்குப்படி நான்கு குடும்பமும் வரம்புக்குள் வந்துவிடும். 27 மணி வீதம் பார்த்தாலும் எல்லாம் முடிந்து ஆறு மணி மிஞ்சும். பலரும் சரி என்று சொல்லிவிடுவது அட்டவணையின் இந்தக் கடைசி நெடுவரிசையைப் பார்த்துத்தான். ஆறு வாரத்தில் இரண்டு நாள் படுத்தால் அந்த ஆறு மணி போய்விடும், அதன் பிறகு கெடுவைத் தவறவிடப் போகும் குடும்பம் எது என்பது மட்டுமே கேள்வியாக இருக்கும்.

22 மணி வீதம் பார்த்தால் ஐந்தாம் வாரத்தில் 12 மணி துண்டு விழுகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. முதல் குடும்பத்திடம் பேசி, அம்மாவுக்கும் தங்கைக்கும் உரிய இரண்டு எளிய பிளவுஸ்களை வெளியே கொடுத்து வாங்கித் தருவதாகச் சொன்னால் 16 மணி குறைகிறது. அப்போது ஐந்தாம் வாரத்துக்கு 106 மணி, அது 110-க்குள் அடங்கும். ஆறாம் வாரத்துக்கு 140 மணி. 132-ஐவிட எட்டு மணி கூடுதல். ஆகவே நான்காம் குடும்பத்திடம் சொல்ல இரண்டு விடைகள் இருக்கின்றன. கை முழுவதும் புட்டா வேண்டாம், கை ஓரத்தில் அகலமான பார்டர் மட்டும் போதும் என்று அவர்கள் இசைந்தால் 34 மணி 26 ஆகும், இன்றே ஒப்புக்கொள்ளலாம். முழு வேலைதான் வேண்டும் என்றால் காத்திருப்புப் பட்டியல். ‘பார்க்கலாம், செய்து கொடுத்துவிடலாம்’ என்பது அங்கே விடையாகாது.

## இடம் நிறைந்த பிறகு

இடம் நிறைந்த பிறகு வருபவரிடம் நடந்துகொள்ள நான்கு வழிகள் உண்டு. முதலாவது, காத்திருப்புப் பட்டியலே வைக்காமல் இல்லை என்று சொல்வது. நேர்மையான வழி, கேட்பவர் அன்றைக்கே வேறிடம் தேடத் தொடங்கிவிடுவார். நல்ல வேலைக்காரர் இரண்டு பேரின் எண்ணைக் கையோடு கொடுத்தால் கோபமும் இருக்காது. இதில் நமக்கு உள்ள செலவு, யாராவது திருமணத்தைத் தள்ளிவைக்கும்போது காலியாகும் மணிகளை நிரப்ப ஆள் இல்லாமல் போவது. முகூர்த்தத்துக்கு ஐந்து வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போது வருபவருக்கு இதைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது, பெயரும் எண்ணும் மட்டும் எழுதிவைப்பது. பெரும்பாலோர் செய்வது இதுவே. ஒன்றும் செலவில்லாதது போலத் தோன்றும். ஆனால் எழுதிவைத்தவர் தனக்கு இடம் உறுதி என்று பாதி நம்பிக்கொண்டு வீட்டில் இருப்பார்; நாமோ அவர் வேறிடம் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு மாதம் கழித்து இடம் காலியாகி அழைக்கும்போது, முதல் மூன்று பேர் வேறிடத்தில் கொடுத்திருப்பார்கள். நான்காமவரின் திருமணம் முடிந்தே போயிருக்கும். திருமணம் அல்லாத வேலைகளில், அதாவது வளைகாப்பு, பிறந்தநாள், கோயில் விழா போன்ற நாள் நெருக்கடி குறைந்த வேலைகளில், இந்த எளிய பட்டியல் போதுமானது.

மூன்றாவது, முன்பணம் வாங்கிக்கொண்டு பட்டியலில் சேர்ப்பது. காத்திருப்பவர் உறுதியானவரா என்று இதில் தெரிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பணம் கைக்கு வந்ததும் அது பட்டியல் அல்ல, பாதி ஒப்பந்தம். இடம் கிடைக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும். அதற்குள் நூலுக்கும் மணிக்கும் அந்தப் பணம் செலவாகியிருந்தால் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், எப்படியாவது செய்துவிடலாம் என்று எட்டு மணி துண்டு விழும் வேலையைச் சேர்த்துக்கொள்வோம். மண்டபத்தில் உட்கார்ந்து கொக்கி கட்ட நேர்ந்த அந்த ஆண்டில் மூன்றாவது மணப்பெண்ணின் வேலை என்னிடம் வந்தது இந்த வழியில்தான். காத்திருப்புக்குப் பணம் வாங்குவதில்லை, இடம் உறுதியான அன்றைக்கே பாதிப் பணம் என்று அதன் பிறகு மாற்றிக்கொண்டேன்.

நான்காவது, கடைசி நாள் குறித்த பட்டியல். பெயரோடு திருமணத் தேதி, ஃப்ரேம் வேலை முடிய வேண்டிய நாள், டிசைனுக்கு ஆகும் மணி, டிசைனைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா, துணி கையில் இருக்கிறதா என்ற ஐந்தையும் எழுதி, ஆறாவதாக ‘இந்த நாளுக்குள் என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் வேறிடத்தில் கொடுத்துவிடுங்கள்’ என்று ஒரு தேதியைச் சொல்வது. அந்தத் தேதி நம் வசதிக்கானது அல்ல. வேறொருவரிடம் போனால் அவருக்குக் குறைந்தது நான்கு வாரமாவது வேண்டும் என்று வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிக்க வேண்டும். மேலே சொன்ன நான்காம் குடும்பத்துக்கு ஆறாம் வாரக் கடைசி கெடு என்பதால், இரண்டாம் வாரக் கடைசிதான் அவர்களுக்கான கடைசி நாள்.

கல்யாண வேலைக்கு இந்த நான்காவது வழியையே பரிந்துரைக்கிறேன். இதில் உழைப்பு அதிகம். குறித்த நாளில் ஒவ்வொருவரையும் நாமே அழைக்க வேண்டும், இடம் கிடைக்காதவரையும் அழைக்க வேண்டும். அந்த அழைப்பைச் செய்ய முடியாதவர், பட்டியலே வைக்காமல் இல்லை என்று சொல்வதோடு நின்றுகொள்வதே நல்லது.

## பட்டியலில் எத்தனை பேர், யாருக்கு முதலிடம்

பட்டியலின் நீளத்தைக் கேட்பவர்களின் எண்ணிக்கை தீர்மானிக்கக் கூடாது, காலியாகும் இடங்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்க வேண்டும். பழைய குறிப்பேட்டைப் புரட்டி, கடந்த இரண்டு பருவங்களில் உறுதியான வேலைகளில் எத்தனை விலகின என்று பாருங்கள். வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து தேதி தள்ளிப்போனது, ஆரி வேண்டாம் என்று மனம் மாறியது எல்லாம் சேர்ந்து பருவத்துக்கு ஒன்றோ இரண்டோதான் என் குறிப்பில் இருந்தன. அப்படியென்றால் மூன்று பேருக்கு மேல் பட்டியலில் வைப்பது, நான்காமவருக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பதாகும்.

விலகியதாலேயே முழு மணியும் காலியாகிவிடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் மூன்றாம் குடும்பத்தின் 16 மணி முதலில் முடியும். அடுத்து இரண்டாம் குடும்பத்தின் துணி ஃப்ரேமில் ஏறும். இரண்டாம் வாரக் கடைசிக்குள் 44 மணி வேலை நடந்திருக்கும் என்பதால், அவர்களின் 30 மணியில் 28 மணி முடிந்திருக்கும். அன்றைக்கு அவர்கள் தேதியைத் தள்ளிவைத்தால் எனக்கு மிஞ்சுவது இரண்டு மணி. அதை நம்பி நான்காம் குடும்பத்தை அழைத்துவிடக் கூடாது. அதே நாளில் முதல் குடும்பம் வரவேற்பு பிளவுஸ் வேண்டாம் என்றால் 24 மணி முழுதாகக் காலியாகிறது, 140 மணி 116 ஆகிறது, நான்காம் குடும்பத்தைத் தயக்கமின்றி அழைக்கலாம். ஆகவே ஒவ்வொரு விலகலின்போதும் மேலே உள்ள அட்டவணையை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகே தொலைபேசியை எடுக்க வேண்டும்.

யாரை அழைப்பது என்பதில் முதலில் வந்தவருக்கே முதலிடம் என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் காலியானது 12 மணி, முதலில் இருப்பவருக்கு வேண்டியது 34 மணி என்றால் அந்த நியாயம் இருவருக்கும் பயன்படாது. காலியான மணிக்குள்ளும் கெடுவுக்குள்ளும் அடங்கும் வேலைகளில் முதலில் வந்தவருக்கே இடம் என்று நான் விதி வைத்திருக்கிறேன்; பட்டியலில் சேர்க்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாடிக்கையாளருக்கு முன்னுரிமை தருவதும் தவறில்லை, அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தால். சொல்லாமல் செய்தால், பின்னால் வந்தவரின் பிளவுஸ் என் ஃப்ரேமில் இருந்ததை ஒருவர் அறிந்து வந்து கேட்கும்போது பதில் இருக்காது.

காத்திருப்பவரிடம் துணியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். துணி நம்மிடம் இருந்தால் அவர் வேறிடம் தேடமாட்டார். அளவும் அப்போது எடுக்கக் கூடாது. ஆரியில் வேலை முடிந்த பிறகுதான் துணியை வெட்டுகிறோம் என்பதால் கழுத்தின் ஆழமும் கைச்சுற்றும் வரைந்த அன்றே முடிவாகிவிடுகின்றன. பிறகு பக்கத் தையலில் விட்டுவைத்த துணியைக் கொண்டு உடம்பு அளவை மட்டுமே சற்று மாற்ற முடியும். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த அளவில் மணப்பெண் இருப்பதில்லை. இடம் உறுதியாகி, துணி ஃப்ரேமில் ஏறும் வாரத்தில் அளவெடுப்பதே சரி.

கடைசி நாளில் இடம் கிடைக்காதவரை அழைத்துப் பேசும்போது நீளமாக விளக்க வேண்டியதில்லை. ‘அம்மா, நீங்கள் கேட்ட தேதிக்கு என்னிடம் இடம் வரவில்லை. இன்றைக்கே கொடுத்தால் முடித்துத் தரக்கூடிய இரண்டு பேரின் எண்ணை அனுப்புகிறேன், நான் கேட்டுவிட்டேன், இருவரிடமும் இடம் இருக்கிறது’ என்றால் போதும். அந்த இருவரிடமும் முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கையும் நிறைந்திருந்தால், குறித்த நாளுக்குக் காத்திராமல் அன்றே காத்திருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.